18 பங்கை ஏன் வேண்டாம் என்றார்: ஒரு கூட்டாளித் தகராறும் அல்டிமேட்டம் விளையாட்டும்

பின்னணி

இரண்டு நண்பர்கள் சேர்ந்து மொழி கற்றுத்தரும் ஒரு செயலியை உருவாக்கினார்கள். ஒருவர் நிரல் எழுதினார், மற்றவர் பாடங்களை எழுதினார். இனி அவர்களை நிரலாளர், எழுத்தாளர் என்றே குறிப்பிடுகிறேன். லாபம் வந்தால் எப்படிப் பிரிப்பது என்று தொடக்கத்தில் எதையும் எழுதி வைக்கவில்லை. நட்பு நன்றாக இருக்கும்போது அந்தப் பேச்சை எடுக்கவே கூச்சமாக இருக்கும், இவர்களுக்கும் அப்படித்தான்.

மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு நிறுவனம் செயலியை மொத்தமாக வாங்கிக்கொள்ள முன்வந்தது. உரிமை இருவருடையது என்பதால் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்பனை, ஒருவர் மறுத்தாலும் இருவருக்கும் எதுவும் கிடையாது. தொகையை இங்கே சொல்ல முடியாது, மொத்தத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். நிரலாளர் ஒரு மாலை மின்னஞ்சல் அனுப்பினார்: "82 எனக்கு, 18 உனக்கு. இதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை, இன்றிரவுக்குள் சரியா இல்லையா என்று சொல்." ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்துவிட்டது. இல்லை.

அந்த 18 சின்னத் தொகை இல்லை. செயலியை விற்காமல் வைத்திருந்தால் எழுத்தாளருக்குப் பல ஆண்டுகளிலும் அவ்வளவு வந்திருக்காது, அவருக்கே அது தெரியும். தெரிந்தும் வேண்டாம் என்றார். பொதுவான நண்பர் ஒருவர் வழியாக இருவரும் என்னிடம் வந்தார்கள். நான் இதுபோன்ற பங்குத் தகராறுகளில் நடுவே உட்கார்ந்து பேசுபவன்.

முதல் சந்திப்புகளில் கண்டது

இருவரையும் தனித்தனியாகத்தான் சந்தித்தேன். நிரலாளருக்குக் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் இருந்தது. "சும்மா கையெழுத்துப் போட்டால் 18 கிடைக்கும், போடாவிட்டால் பூஜ்யம், பூஜ்யத்தை யாராவது தேர்ந்தெடுப்பார்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எழுத்தாளர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார், இரண்டு நாளில் தெளிந்துவிடுவார் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

எழுத்தாளர் தெளிவாகவே இருந்தார். கணக்கு புரியாமல் மறுக்கவில்லை. "எனக்கு நஷ்டம் என்று தெரியும். ஆனால் இதை வாங்கிக்கொண்டால் இவ்வளவுதான் என் மதிப்பு என்று நானே கையெழுத்துப் போட்டுத் தந்த மாதிரி ஆகிவிடும்" என்றார். எவ்வளவு தந்தால் சரி என்று கேட்டேன், எண் எதுவும் சொல்லவில்லை. அதை நான் குறித்துக்கொண்டேன். பேரம் பேசுகிறவரிடம் மனசில் ஒரு எண் தயாராக இருக்கும். இவரிடம் அது இல்லை, அப்படியென்றால் தகராறு எண்ணில் மட்டும் இல்லை.

இந்த நிலை ஓர் ஆய்வுக்கூட விளையாட்டின் அச்சு அசலான வடிவம் என்பது எனக்கு உடனே பட்டது. 1982-ல் ஜெர்மனியில் வெர்னர் கூத் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட பரிசோதனை அது. ஒருவரிடம் ஒரு தொகையைக் கொடுத்து, எப்படிப் பிரிப்பது என்று அவரைச் சொல்லச் சொல்வார்கள். மற்றவர் சரி என்றால் சொன்னபடி பிரிவு, வேண்டாம் என்றால் இருவருக்கும் ஒன்றுமில்லை. பேரம் கிடையாது, இரண்டாவது வாய்ப்பும் கிடையாது. அதனால்தான் அதற்கு அல்டிமேட்டம் விளையாட்டு என்று பெயர்.

பணம் மட்டுமே முக்கியம் என்றால் பதில் சொல்பவர் எவ்வளவு சின்னத் தொகையையும் ஏற்க வேண்டும், அது தெரிந்த முதலாமவர் மிகக் குறைவாகத்தான் தர வேண்டும். ஏட்டுக் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. நடப்பது வேறு. பிறகு பல நாடுகளில் நடந்த எண்ணற்ற சுற்றுகளில் பெரும்பாலோர் 40 முதல் 50 சதவீதம் வரை தர முன்வந்தார்கள், 20 சதவீதத்துக்குக் கீழே போன பிரிவுகளில் ஏறக்குறைய பாதி நிராகரிக்கப்பட்டன. நிரலாளர் தந்த 18 சரியாக அந்த இடத்தில்தான் விழுகிறது.

எடுத்த முடிவும் அதற்கான காரணமும்

எண்ணைப் பற்றிப் பேச்சைத் தொடங்குவதில்லை என்று முடிவு செய்தேன். 18-ஐ 25 ஆக்கு, 30 ஆக்கு என்று இழுத்திருந்தால் ஒருவேளை எங்காவது நின்றிருக்கும். ஆனால் நிரலாளர் ஒவ்வொரு படியையும் மிரட்டலுக்குக் கொடுத்த விலையாகவே பார்த்திருப்பார், எழுத்தாளர் முதல் மின்னஞ்சலை மறந்திருக்க மாட்டார். அதற்குப் பதிலாக, இந்த மறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை இருவருக்கும் காட்ட வேண்டும், அதற்கு அந்த விளையாட்டையே பயன்படுத்தலாம் என்று தோன்றியது.

இருவரையும் நேருக்கு நேர் விளையாட விடவில்லை. ஏற்கெனவே நடந்த மறுப்பை மேஜையில் இன்னொரு தடவை நடத்திக் காட்டினால் காயம்தான் ஆழமாகும். தனித்தனி அறையில், முன்பின் தெரியாத ஒருவருடன் விளையாடுவதாக நினைத்துக்கொண்டு பதில்களைத் தாளில் எழுதச் சொன்னேன். பங்கு சொல்பவராக இருந்தால் எவ்வளவு தருவீர்கள், பதில் சொல்பவராக இருந்தால் எவ்வளவுக்குக் கீழே போனால் வேண்டாம் என்பீர்கள் என்று இரண்டு கேள்விகள். எந்தத் தொகை வரும் என்று தெரியாமலே கீழ் எல்லையை எழுத வேண்டியிருப்பதால், ஒருவர் உண்மையில் எதை நியாயம் என்று நினைக்கிறார் என்பது அதில் வந்துவிடும்.

வாங்கும் நிறுவனத்திடம் ஒரு வாரம் கூடுதலாகக் கேட்டுப் பெற்றோம். இதற்கும் காரணம் உண்டு. 2011-ல் கிரிம், மெங்கல் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், குறைந்த பங்கைக் கேட்டவுடனே முடிவு சொன்னவர்கள் பெரும்பாலும் மறுத்தார்கள், சுமார் 10 நிமிடம் வேறு கேள்வித்தாளை நிரப்ப வைத்துவிட்டு முடிவு கேட்டபோது பெரும்பாலோர் ஏற்றார்கள். "இன்றிரவுக்குள் சொல்" என்ற வரி, மறுப்பு வருவதற்கான வாய்ப்பைத் தன் கையாலேயே கூட்டிய வரி. ஆனாலும் தாமதம் மட்டும் போதும் என்று நான் நினைக்கவில்லை. என்னிடம் வரும்போதே சில நாட்கள் கடந்திருந்தன, எழுத்தாளரின் பதில் மாறவில்லை.

முதல் சுற்று

100 புள்ளிகள். எழுத்தாளர் தான் 50 தருவதாகவும் 35-க்குக் கீழே ஏற்க மாட்டேன் என்றும் எழுதினார். நிரலாளர் 40 தருவதாகவும் 30-க்குக் கீழே ஏற்க மாட்டேன் என்றும் எழுதினார்.

நிரலாளருடைய தாளை அவர் முன்னால் வைத்து, 30 என்ற எண்ணின் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டேன். அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். 18 வந்தால் நீங்களும் மறுப்பீர்கள் என்று நான் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஆனால் அவர் தந்த பதில் சரியான பதில், அதை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. "இது யாரோ சும்மா கொடுத்த புள்ளி. அதில் பாதிக்குப் பாதி கேட்பது நியாயம். செயலி அப்படியா வந்தது? நான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதினேன், சர்வர் வாடகையைக் கட்டினேன்."

அவர் சொன்னதற்கு ஆய்வுகளிலேயே ஆதாரம் இருக்கிறது. 1994-ல் எலிசபெத் ஹாஃப்மன், கெவின் மெக்கேப், வெர்னன் ஸ்மித் முதலானோர் வெளியிட்ட பரிசோதனையில், பங்கு சொல்லும் இடத்தைக் குலுக்கிப் போட்டுத் தராமல் பொது அறிவுத் தேர்வில் அதிக மதிப்பெண் வாங்கியவருக்குத் தந்தார்கள். அந்த இடத்தை உழைத்துப் பெற்றவர்கள் குறைவாகவே தர முன்வந்தார்கள், அதற்காக மறுப்புகள் குவிந்துவிடவும் இல்லை. ஏனென்றால் அந்த இடம் எப்படிக் கிடைத்தது என்பது பதில் சொல்பவருக்கும் தெரிந்திருந்தது. சமபங்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் சட்டம் இல்லை. பெரு நாட்டின் மச்சிகெங்கா மக்களிடையே இந்த விளையாட்டை நடத்தியபோது சராசரியாக 26 சதவீதம்தான் தரப்பட்டது, கிட்டத்தட்ட யாருமே மறுக்கவில்லை. வெளியாள் ஒருவர் இவ்வளவு தர வேண்டும் என்ற எதிர்பார்ப்பே அங்கே இருக்கவில்லை. எது நியாயம் என்பது, எதை எதிர்பார்க்க உரிமை உண்டு என்று இரண்டு பேரும் நம்புவதைப் பொறுத்தது.

அதனால் நிரலாளரிடம் கேள்வியை மாற்றிக் கேட்டேன். நீங்கள் பதில் சொல்பவர், எதிரில் இருப்பவர் அந்தப் புள்ளிகளை உழைத்துச் சேர்த்தவர், அது உங்களுக்குத் தெரியும், இப்போது உங்கள் கீழ் எல்லை என்ன? 20 என்று எழுதினார். சரி, அவருடைய உழைப்பு உங்களுக்குத் தெரியாவிட்டால்? பேனா அப்படியே நின்றுவிட்டது. பிறகு, மின்னஞ்சலில் சர்வர் செலவைப் பற்றியோ மணிக்கணக்கைப் பற்றியோ தான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று அவரே சொன்னார்.

இரண்டாம் சுற்று: எட்டுக்கு இரண்டு

இந்த நிகழ்வில் திருப்பம் வந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2003-ல் ஆர்மின் ஃபால்க், எர்ன்ஸ்ட் ஃபேர், உர்ஸ் ஃபிஷ்பாஹர் மூவரும் வெளியிட்ட சின்னப் பரிசோதனை ஒன்று உண்டு. பங்கு சொல்பவருக்கு இரண்டே வாய்ப்புகள். அதில் ஒன்று எப்போதும் தனக்கு 8, மற்றவருக்கு 2. இன்னொரு வாய்ப்பு மட்டும் மாறும். முதல் வகையில் அது 5-க்கு 5. இரண்டாவதில் தனக்கு 2, மற்றவருக்கு 8. மூன்றாவதில் அதே 8-க்கு 2 தான், அதாவது தேர்ந்தெடுக்க எதுவுமே இல்லை. நான்காவதில் தனக்கு 10, மற்றவருக்கு ஒன்றுமில்லை.

எல்லா வகையிலும் பதில் சொல்பவர் பார்ப்பது அதே 2 தான். மறுத்தால் இழப்பதும் அதே 2. ஆனாலும் 5-க்கு 5 கையில் இருந்தும் 8-ஐ எடுத்தவர்களைச் சுமார் 44 சதவீதம் பேர் மறுத்தார்கள். இன்னொரு வாய்ப்பு மற்றவருக்கு 8 தருவதாக இருந்த இடத்தில் 27 சதவீதம், வேறு வழியே இல்லாத இடத்தில் 18 சதவீதம், ஒன்றுமே தராமல் போயிருக்கலாம் என்ற இடத்தில் 9 சதவீதம். மக்கள் தொகையை மட்டும் பார்த்துப் பதில் சொல்வதில்லை, இவர் வேறு என்ன செய்திருக்க முடியும் என்பதையும் பார்க்கிறார்கள்.

நான்கு அட்டைகளில் இதை எழுதி எழுத்தாளர் முன்னால் வரிசையாக வைத்தேன். முதல் அட்டைக்கு உடனே தலையை ஆட்டினார், வேண்டாம். இரண்டாவதில் கொஞ்சம் யோசித்தார், எட்டைத் தூக்கி அடுத்தவருக்கு யார் கொடுப்பார்கள் என்று சொல்லி ஏற்றார். மற்ற இரண்டையும் தயங்காமல் ஏற்றார். நான்கிலும் உங்களுக்கு வருவது இரண்டுதானே என்று கேட்டேன். "இரண்டுதான். ஆனால் முதல் அட்டையில் அவர் என்னைப் பார்த்த பிறகும் ஐந்தை விட்டுவிட்டு எட்டை எடுத்திருக்கிறார்" என்றார்.

அப்புறம் அந்த மின்னஞ்சல் இதில் எந்த அட்டை என்று கேட்டேன். யோசிக்காமல் முதல் அட்டையில் விரலை வைத்தார்.

அடுத்த அறைக்குப் போய் அதே அட்டைகளை, அதே கேள்வியோடு நிரலாளர் முன்னால் வைத்தேன். அவர் எந்த அட்டையையும் தொடவில்லை, வெற்றுத் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி "8-க்கு 2, இல்லாவிட்டால் 7-க்கு 3" என்று எழுதினார். பாதிக்குப் பாதி என்பது அவர் மனசில் ஒருபோதும் ஒரு வாய்ப்பாகவே இருந்ததில்லை. செலவையும் உழைப்பையும் கழித்த பிறகு மிஞ்சுவதைப் பற்றித்தான் அவர் யோசித்திருக்கிறார், அந்தக் கணக்கில் 18 அவருக்குக் கொஞ்சம் இறுக்கமான ஆனால் நேர்மையான எண். எழுத்தாளரோ, பாதியைத் தர முடிந்தும் தராதவர் என்று அவரை நினைத்துக்கொண்டிருந்தார். ஒரே 18, இருவரும் அதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது வெவ்வேறு எண்களோடு.

இரண்டு பேருடைய சம்மதத்தோடும் தாள்களைப் பரிமாறினேன். நிரலாளர் எழுதிய "7-க்கு 3" என்ற வரியை எழுத்தாளர் வெகுநேரம் பார்த்தார். கோபம் போய்விடவில்லை, ஆனால் "இவர் ஏன் இப்படி நினைக்கிறார்" என்று முதல் தடவையாகக் கேட்டார்.

பேச்சும் முடிவும்

இதற்குப் பிறகுதான் இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தேன். முதலில் செலவுக் கணக்கு. நிரலாளர் மூன்று ஆண்டு சர்வர் வாடகை, களப்பெயர்க் கட்டணம், இன்னும் சில செலவுகள் எல்லாம் சேர்த்து 19 என்று வைத்தார். எழுத்தாளர் ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதில் 5 நிரலாளர் தனக்காக வாங்கிய மடிக்கணினி, மற்ற வேலைகளுக்கும் பயன்பட்டது, அதை நீக்கச் சொன்னார். நிரலாளர் நீக்கினார். மிச்சம் 14, அதை முதலில் அவருக்கே தருவது என்று ஒப்புக்கொண்டார்கள்.

மிஞ்சிய 86-ஐப் பற்றி நிரலாளர் 70-க்கு 30 என்றார், எழுத்தாளர் பாதிக்குப் பாதி என்றார். இங்கே தகவல் எதிர்த்திசையில் ஓடியது. பயனர்களின் புகார்களைப் படித்துப் படித்து எழுத்தாளர் பாடங்களில் பெரும்பகுதியை ஓராண்டாகத் திரும்ப எழுதியிருந்தார், பழைய வரைவுகளையும் கொண்டுவந்திருந்தார். நிரலாளருக்கு அது தெரியவே தெரியாது, புதிய கோப்புகள் வரும், ஏற்றிவிடுவார், அவ்வளவுதான். கடைசியில் 60-க்கு 40 என்று நின்றது. அதாவது நிரலாளருக்கு 51.6-ம் செலவு 14-ம் சேர்த்து 65.6, எழுத்தாளருக்கு 34.4.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தெரியாத ஒருவரிடமிருந்து 35-க்குக் கீழே ஏற்க மாட்டேன் என்று எழுதியவர், 34.4-க்குக் கையெழுத்துப் போட்டார். வித்தியாசம் சின்னதுதான், அதை நான் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் அவருடைய எல்லை கல்லில் செதுக்கியது இல்லை, பிரிவு எப்படி வந்தது என்று தெரிந்ததும் அதுவும் நகர்கிறது.

அதே சமயம் விளக்கம் மட்டும் போதும் என்று யாரும் இதைப் படித்துவிடக் கூடாது. 18 அப்படியே இருந்து, செலவுக் கணக்கை மட்டும் இணைத்து அனுப்பியிருந்தால் எழுத்தாளர் ஏற்றிருப்பார் என்று நான் நம்பவில்லை. தேர்ந்தெடுக்க வழியே இல்லாத இடத்தில்கூட 18 சதவீதம் பேர் மறுத்தார்கள் என்பதை மேலே பார்த்தோம், நோக்கம் எதுவாக இருந்தாலும் ஏற்றத்தாழ்வே சிலருக்குப் பொறுக்காது. இங்கே பங்கும் நகர்ந்தது, ஏறக்குறைய இரு மடங்கானது. நல்ல வார்த்தை சொல்லிக் குறைந்த பங்கைத் தள்ளிவிடும் உத்தியாக இந்த விளையாட்டைப் பயன்படுத்தினால் அது எதிர்த்தரப்பை ஏமாற்றுவதாகும், அதற்கு நான் துணை போக மாட்டேன்.

நீட்டித்த கெடுவுக்குள் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள், விற்பனை முடிந்தது. நட்பு பழையபடி ஆகவில்லை. இருவரும் இப்போது தனித்தனியாக வேலை செய்கிறார்கள், பேச்சு இருக்கிறது, கூட்டு இல்லை.

இந்த நிகழ்வின் எல்லைகள்

ஆய்வுக்கூடத்தில் இரண்டு பேரும் யாரென்று தெரியாது, ஒரே ஒரு சுற்று. அதனால் அங்கே மறுப்பவர் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள மறுக்கிறார் என்று சொல்ல வழியில்லை. இவர்களுக்குப் பொதுவான நண்பர்கள் நிறைய. எழுத்தாளரின் மறுப்பில் எவ்வளவு நியாய உணர்வு, எவ்வளவு "நாளைக்கு நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்பதைப் பிரித்துச் சொல்ல இயலாது.

தொகையின் அளவும் முக்கியம். வடகிழக்கு இந்தியாவின் கிராமங்களில் 20 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய் வரை வைத்து நடத்திய ஒரு பரிசோதனை 2011-ல் வெளியானது. மிகப் பெரிய தொகையில் மறுப்பு கிட்டத்தட்ட இல்லாமலே போனது, பங்கு மிகக் குறைவாக இருந்தபோதும் மக்கள் வாங்கிக்கொண்டார்கள். 18 என்பது எழுத்தாளரின் வாழ்க்கையையே மாற்றிவிடும் தொகையாக இருந்திருந்தால் அவரும் மௌனமாகக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். அது நியாயமாகப் பட்டதால் ஏற்றதாக ஆகாது, மறுக்க வசதி இல்லாததால் ஏற்றதாகத்தான் ஆகும். இப்படிப்பட்ட சம்மதத்தைப் பார்க்கும்போது நான் கூடுதல் கவனத்தோடு இருப்பேன்.

அடுத்த முறை மாறுவது

அட்டைகளை முதலில் வைப்பேன், 100 புள்ளிச் சுற்றைப் பிறகு. இங்கே முதல் சுற்று நிரலாளரைச் சற்றுத் தற்காப்புக்குத் தள்ளியது, உழைத்துச் சேர்த்தது வேறு என்ற அவருடைய சரியான வாதத்தைக் கேட்கவே நேரம் போனது. அட்டைகளில் யாரும் யாரையும் குற்றம் சாட்ட வேண்டியதில்லை, எந்த அட்டை என்று கை காட்டினால் போதும்.

செலவுக் கணக்கையும் வேலைப் பதிவுகளையும் முதல் சந்திப்புக்கே இருவரும் கொண்டுவர வேண்டும் என்று இப்போது கேட்கிறேன். அதோடு சந்திப்புக்கு முன் நிரப்பித் தரும் படிவத்தில் இரண்டு கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. பங்கு சொன்னவருக்கு: இதைச் சொல்லுமுன் வேறு எந்தெந்தப் பிரிவுகளை யோசித்தீர்கள், ஏன் விட்டீர்கள்? மறுத்தவருக்கு: அவர் வேறு என்ன தந்திருக்க முடியும் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் முதல் சந்திப்புக்கு நாள் குறிக்கிறேன்.